ஒரு வாக்கியத்தில் முடிந்த கல்யாணங்கள்

எழுபதுகளில் எங்கள் ஊர்ப்பக்கம் சுயமரியாதைத் திருமணம் என்றால், அது கல்யாணமா பொதுக்கூட்டமா என்று வழியோடு போகிறவர்களுக்குச் சட்டென்று விளங்காது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: தென்னங்கீற்றுப் பந்தல், வேப்பமரத்து உச்சியில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, காலை ஒன்பதுக்கு வரவேண்டிய தலைவர் பதினொன்றரைக்கு வந்து இறங்குவதற்குள் உள்ளூர்ப் பேச்சாளர்கள் நாலு பேர் பேசி முடித்துத் தொண்டைக்குச் சோடா குடித்துக்கொண்டிருப்பது, பின்கட்டில் ஆறிப்போன சாம்பாரை மறுபடி அடுப்பில் ஏற்றுவது, இத்தனைக்கும் நடுவில் கழுத்தில் கனத்த மாலையோடு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மணமக்கள்.

வாழ்த்து மடல் விநியோகிக்கும் வேலை எனக்கு. ரோஸ் நிறத் தாளில் அச்சடித்த அந்த மடல்களைக் கொடுத்து முடித்ததும் மேடையை ஒட்டி வந்து நின்றுவிடுவேன். மணிக்கணக்கான பேச்சு முழுதும் ஒரே ஒரு வாக்கியத்துக்கான காத்திருப்பு என்று அந்த வயதிலேயே தோன்றியிருந்தது. தலைவர் உறுதிமொழியைத் துண்டு துண்டாகச் சொல்வார், மாப்பிள்ளை திருப்பிச் சொல்வார்: இன்று முதல் இவரை என் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொள்கிறேன். பெண்ணின் முறை வரும்போது குரல் மைக்கை எட்டாது. “கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, ஊர் கேக்கணும்ல” என்று தலைவர் மைக்கை அருகே நகர்த்துவார். அவள் சொல்லுவாள், கைதட்டல் எழும், அவ்வளவுதான். அக்னி இல்லை, அம்மி இல்லை, அருந்ததியும் இல்லை. வாக்கியத்துக்கு முன்னால் இருந்தவர்கள் வேறு இரண்டு பேர், பின்னால் இருந்தவர்கள் கணவன் மனைவி.

கல்லூரி நாட்களில் ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆக்ஸ்போர்டு தத்துவ ஆசிரியரைப் படித்தபோது எனக்கு அந்தப் பந்தல்தான் நினைவுக்கு வந்தது. 1955-ல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள், அவர் மறைந்தபின் 1962-ல் புத்தகமாயின. சில வாக்கியங்கள் எதையும் வர்ணிப்பதில்லை, சொல்வதே செயலாகிவிடுகிறது என்று காட்ட அவர் எடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று கல்யாணச் சம்மதம். “மழை பெய்கிறது” என்றால் உண்மையா பொய்யா என்று வெளியே எட்டிப் பார்க்கலாம். “ஏற்றுக்கொள்கிறேன்” என்பதற்கு அப்படி எட்டிப் பார்க்க ஓர் இடம் கிடையாது. செல்லுமா செல்லாதா என்றுதான் கேட்க முடியும். அப்படிச் சொன்னால் கல்யாணம் என்று ஊர் ஒத்துக்கொண்ட ஒரு முறை இருக்கவேண்டும், சொல்வதற்குத் தகுதி உள்ளவர்கள் சொல்லவேண்டும், முழுவதும் சொல்லி முடிக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சொல் காற்றோடு போய்விடும்.

நம் ஊரில் இதைத் தத்துவ வகுப்பு அல்ல, நீதிமன்றம்தான் அலசியது. 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதன்பின் கால் நூற்றாண்டு காலம் ஆயிரக்கணக்கானோர் அப்படி மணந்துகொண்டார்கள், பிள்ளைகள் பெற்றார்கள். ஐம்பதுகளில் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணத்தைச் செல்லாது என்றது. வாக்கியம் சரி, ஆட்களும் சரி, ஆனால் அதைக் கல்யாணமாக ஏற்கும் முறை சட்டத்தில் இல்லை. ஒரு தீர்ப்பில் எத்தனை வீடுகளில் கலக்கம் புகுந்திருக்கும்!

அண்ணா முதலமைச்சரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. 1967-ல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இரு இந்துக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். “புரியும் மொழியில்” என்ற அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். சொல்கிறவருக்கே விளங்காத சொல்லில் வாக்கு ஏது? அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அந்தப் பிரிவு செய்தது: முன்பு அப்படி நடந்த திருமணங்களும், சில விலக்குகள் நீங்கலாக, நடந்த அன்றிலிருந்தே செல்லும் என்றது. சட்டமன்றம் சொன்ன அந்த ஒரு சொல்லில், பேரன் எடுத்தவர்களின் கல்யாணம்கூடப் பின்தேதியிட்டு உறுதியானது.

சொல் பிசகும் விதத்தை 2001-ல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில் பார்க்கலாம். முதல் மனைவி இருக்கும்போதே ஒருவர் இரண்டாவதாகத் தாலி கட்டினார். சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே இல்லை, இருதார மணக் குற்றமும் இல்லை என்பது அவர் தரப்பு. தமிழ்நாட்டில் 7-ஏ இருக்கும்போது ஏழடி நடக்கவேண்டியதில்லை, சடங்கு முழுமையாக நடந்திருக்கிறது என்றது நீதிமன்றம். மனைவி உயிரோடு இருக்கையில் அவருக்கு மறுபடி மணக்கும் தகுதி இல்லை, அதனால் அந்தக் கல்யாணம் செல்லாது. ஆனாலும் அதைச் செய்தது குற்றம். தகுதியற்றவன் சொல்லுக்கும் விளைவு உண்டு, அவன் கேட்ட விளைவு அல்ல. மனசில்லாமல் சொல்வது வேறு கதை. தகுதியுள்ள ஒருவன் உள்ளுக்குள் வேறொருத்தியை நினைத்துக்கொண்டே “ஏற்றுக்கொள்கிறேன்” என்றாலும் கல்யாணம் ஆகிவிடுகிறது, கெட்டது வாக்கின் நேர்மை மட்டும்தான் என்று ஆஸ்டின் பிரித்துக் காட்டுகிறார்.

இன்று மண்டபம் குளிரூட்டப்பட்டிருக்கிறது, சட்டைக் காலரில் ஒயர்லெஸ் மைக், பெண் குரல் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்கிறது, அதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி. ஆனால் உறுதிமொழி முடிந்ததும் கேமராக்காரர் “ஒன்ஸ் மோர், இந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்க” என்கிறார், இருவரும் சிரித்தபடி மறுபடி சொல்கிறார்கள். முதல் முறை சொன்னது அவர்களை மணமக்களாக்கியது. இரண்டாம் முறை சொன்னது எதையும் செய்யவில்லை, சினிமாவில் சொல்லும் வசனம் போல அது பதிவுக்கு மட்டும். கூட்டமோ அந்நேரம் பந்தியில் இருக்கிறது. பிறகு சார்பதிவாளர் அலுவலகம். 2009-ன் சட்டப்படி 90 நாளுக்குள் பதியவேண்டும், தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அந்தக் காகிதம் கையில் வந்த பிறகுதான் கல்யாணம் முடிந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். காகிதம் சாட்சிதான், பதியாததால் மட்டும் கல்யாணம் இல்லாமல் போய்விடாது.

ஊர் கேட்கும்படி சொன்ன அந்தக் காலத்துக்காக ஏங்குகிற எனக்கு 2023 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேறொன்றையும் நினைவூட்டியது. பகிரங்கமாக அறிவித்தால்தான் இந்தத் திருமணம் செல்லும் என்ற உயர் நீதிமன்றக் கருத்தை அது தள்ளியது. ஊருக்குச் சொன்னால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள், நண்பராக நிற்கும் ஒரு வக்கீலின் அறையில் சொன்னாலும் போதும். ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன வாக்கியத்தைச் சாதிக்குப் பயந்து மெல்லிய குரலில் சொல்லவேண்டிய நிலை இன்னும் இருக்கிறது என்பது நமக்குப் பெருமை அல்ல. அந்த மெல்லிய குரலையும் சட்டம் கேட்கிறது என்பது பெருமை.

அடுத்த முறை அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்திக்கு இடம் பிடிக்கப் பத்து நிமிடம் தாமதியுங்கள். அந்த வாக்கியம் முடியும்வரை முன்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். சட்டம் முன்னிலை என்று சொல்வது உங்களைத்தான்.