வெள்ளைக் கோடு

1980களில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் நான் வேலை கற்ற ஸ்டுடியோவுக்கு ஒட்டுப்படம் கேட்டு வராத மாதம் கிடையாது. குடும்பப் படத்தில் இறந்துபோன தாத்தாவைச் சேர்க்க வேண்டும், அல்லது பட்டாளத்தில் இருக்கும் மகனைச் சேர்க்க வேண்டும். தனிப்படத்தைப் பிரிண்ட் போட்டு, பிளேடால் வெட்டி, குடும்பப் படத்தின் மேல் ஒட்டி, அதை மறுபடி கேமராவில் காப்பி எடுப்போம்.

போட்டோ பேப்பரில் படம் இருப்பது மேல்தோலில் மட்டும். உள்ளே முழுக்க வெள்ளைத் தாள். நேராக வெட்டி ஒட்டினால் அந்த வெள்ளை விளிம்பு காப்பியில் பளிச்சென்று கோடாக விழும். "பிளேடைச் சாய்ச்சுப் பிடிப்பா, வெள்ளை அடியில போகட்டும்" என்பார் மாஸ்டர். பிறகு பின்பக்க ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்குவோம். மிச்சம் தெரிகிற வெள்ளையின் மேல், பக்கத்து முடியின் சாயத்தையே மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு வைப்போம். அதன் பிறகுதான் பசை.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. அப்புறம் ஒரகடத்தில் ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வந்தன. இன்று ஷிப்ட் முடித்து வரும் பையன்கள், அறைச் சுவரோரம் நின்று செல்போனில் எடுத்த படத்தை அனுப்பி, கல்யாண பேனர், ஆயுத பூஜை பேனர் கேட்கிறார்கள். பிளேடு போய் ஃபோட்டோஷாப் வந்தது. வெள்ளைக் கோடு மட்டும் போகவில்லை. இப்போது அது தாளில் இல்லை, நிறத்தில் இருக்கிறது.

வெள்ளைச் சுவர் முன் நிற்கும் ஒருவரின் தலைமுடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடியின் கருமை 30, சுவரின் வெண்மை 255 என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் ஒரு பிக்சல் பாதி முடி, பாதி சுவர். அதன் மதிப்பு ஏறக்குறைய 142, அதாவது சாம்பல். வெட்டும்போது அந்தப் பிக்சலைப் பாதி ஒளிபுகும்படி ஆக்குகிறோம். ஆனால் அதனுள் கலந்த சுவர் அப்படியே இருக்கிறது. 20 அளவுள்ள கரும்பின்னணியில் வைத்தால் அங்கே 81 தெரியும். முடி மட்டும் இருந்திருந்தால் 25தான் தெரிய வேண்டும். அந்த வித்தியாசம்தான் கோடு. முகம் 1,000 பிக்சல் உயரமுள்ள படத்தை பேனரில் 5 அடிக்கு இழுத்தால் ஒரு பிக்சல் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். ஃபிளெக்ஸில் அது சாலையிலிருந்தே தெரியும்.

பலரும் ஓரத்தை மங்கலாக்குகிறார்கள். அதில் கோடு அகலமாகும், போகாது. ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டினால் சட்டைக்குச் சரி. முடியோ தொப்பி கவிழ்த்ததுபோல் ஆகிவிடும். வெட்ட வேண்டியது ஓரத்தை அல்ல, அதில் கலந்த பழைய நிறத்தை.

சுவர் தூய வெள்ளையாக இருந்து, வெட்டிய உருவம் தனி லேயரில் மாஸ்க் இல்லாமல் இருந்தால் Layer > Matting > Remove White Matte போதும். செல்போன் படத்தில் சுவர் மஞ்சளாகவோ நிழலோடோ இருக்கும். அங்கே இது அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அப்போது நான் செய்வது பழைய பிரஷ் வேலையேதான். உருவத்தின் மேல் ஒரு புது லேயர், அதை உருவத்தோடு கிளிப் செய்து Darken முறையில் வைப்பேன். உள்ளே இருக்கும் முடியின் நிறத்தை எடுத்து ஓரத்தில் மட்டும் மென்மையாகப் பூசுவேன். வெளிர்ந்த ஓரம் கருக்கும், ஒவ்வொரு இழையும் மிஞ்சும்.

பச்சைத் துணி முன் எடுத்த படத்துக்கு வேறு கணக்கு. துணியில் பட்ட வெளிச்சம் தோள், காது, கன்னம் வரை திரும்பி வந்து படியும். ஓரப் பிக்சலில் சிவப்பு 50, பச்சை 100, நீலம் 47 என்றிருந்தால், பச்சையை மற்ற இரண்டின் சராசரிக்கு, ஏறக்குறைய 48க்கு, இறக்க வேண்டும். Color முறையில் முடி நிறத்தையோ தோல் நிறத்தையோ பூசினாலும் பச்சைச் சாயல் போகும். படம் முழுவதற்கும் பச்சையைக் குறைத்தால் பெண்ணின் பச்சைப் புடவை சாம்பலாகிவிடும். ஓரத்தோடு நிறுத்த வேண்டும்.

சரியாக வந்ததா என்று புதுப் பின்னணியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உருவத்துக்குக் கீழே முழுக் கறுப்பு ஒரு தடவை, முழு வெள்ளை ஒரு தடவை வைத்து, 200 சதவீதத்தில் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். ஒளிந்திருக்கும் கோடு ஏதாவது ஒன்றில் தெரிந்துவிடும்.

படம் எடுக்க வருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: துணியிலிருந்தோ சுவரிலிருந்தோ ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். எந்த பேனருக்கு ஒட்டப்போகிறோம், இருட்டா வெளிச்சமா என்று முன்பே சொல்லுங்கள். இருட்டான பேனருக்குக் கரும்பின்னணியில் எடுத்த படத்தில் வெள்ளைக் கோடே பிறக்காது.