பச்சைப் புள்ளியின் சமூகத்திற்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி.
அனுப்புநர்: மளிகைக் கடையில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும் சைவ உணவாளர்.
பொருள்: பச்சைப் புள்ளிக்கும் பொட்டலத்தின் முதுகிலுள்ள எண்களுக்கும் இடையே அறிமுகம் செய்து வைக்குமாறு வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஆணையத்திற்கு,

பொட்டலத்தின் முகப்பில், பண்டத்தின் பெயருக்கோ வணிகப் பெயருக்கோ அருகில், பச்சைக் கோட்டுச் சதுரத்திற்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம் என்றும், பழுப்புச் சதுரத்திற்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அது அசைவம் என்றும் ஆணையம் வகுத்துள்ள விதியைச் சைவ உணவாளர் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறார். முன்பு அசைவத்திற்கும் வட்டமே இருந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்களுக்குப் பழுப்பு வட்டமும் பச்சை வட்டமும் ஒன்றுபோலவே தெரிந்ததால், 2020ஆம் ஆண்டின் அடையாளச்சீட்டு விதிமுறைகள் பழுப்பு வட்டத்தை முக்கோணமாக்கியது மெய்யாகவே பயனுள்ள திருத்தம். முகப்பின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்குமாயின் பச்சை வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று வரையறுத்ததிலும் ஆணையத்தின் கவனம் புலப்படுகிறது. ஒரு வீட்டின் தலைமுறை தலைமுறையான ஆசாரம் முழுவதும் கடுகைவிடச் சற்றே பெரிய அந்த வட்டத்திற்குள் அடங்கிவிட வேண்டும் என்பது மட்டுமே அதிலுள்ள சிறு நெருக்கடி.

அந்த வட்டத்திற்குள் எது அடங்கும் என்பதைப் புள்ளி சொல்வதில்லை, விதிமுறையின் வரையறைப் பகுதி சொல்கிறது. பறவை, பூச்சி, நீர்வாழ் உயிரி உள்ளிட்ட எந்த விலங்கின் முழு உடலோ பகுதியோ, முட்டையோ, விலங்கிலிருந்து பெறப்பட்ட எப்பொருளோ சேர்ந்தது அசைவம் என்று அது முதலில் கண்டிப்புடன் தொடங்குகிறது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பால், பாற்பொருள்கள், தேன், தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு ஆகியவை நீங்கலாக என்று முடிக்கிறது. பாலை இந்நாட்டுச் சைவர் எவரும் வழக்காடாமல் ஏற்பர். தேனைப் பழனிப் பஞ்சாமிர்தம் உண்பவர் ஏற்பார், சமணர் மறுப்பார். ஆனால் கார்னாபா மெழுகு பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து சுரண்டி எடுக்கப்படுவது. எந்நாளும் விலங்காக இருந்திராத ஒரு பனைமரத்தை விலங்கினத்திலிருந்து விலக்கி அருளிய பெருந்தன்மைக்காக, அப்பனையின் சார்பிலும் நன்றி தெரிவிக்கப்படுகிறது. விசாரணையின்றி விடுதலை பெற்றவர்களின் வரிசையில், குற்றமே சாட்டப்படாத ஒருவர் எவ்வாறு வந்து நின்றார் என்பது மட்டும் விளங்கவில்லை.

அவ்வரிசையின் கடைசியில் நிற்கும் அரக்கின் கதை வேறு. பலாசு, இலந்தை, குசும் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் மொய்க்கும் அரக்குப் பூச்சிகளில் பெண் பூச்சி, சாற்றை உறிஞ்சிக்கொண்டே தன்னைச் சுற்றிப் பிசின் போன்ற ஓட்டைச் சுரந்து அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. கிளையிலிருந்து அந்த ஓட்டைச் சுரண்டும்போது பூச்சியின் உடலும் உடன் வருகிறது. சுரண்டியதை நொறுக்கிக் கழுவிச் செந்நிறச் சாயத்தைப் போக்கி, உருக்கி வடித்துத் தகடாக இழுத்தால் ஷெல்லாக் எனப்படும் தூய அரக்கு கிடைக்கிறது. அதைச் சாராயத்தில் கரைத்து மிட்டாயின் மேல் பூசினால் மிட்டாய் மின்னுகிறது, கையில் ஒட்டுவதில்லை. சேர்மானப் பட்டியலில் அது மெருகூட்டி என்ற பணிப்பெயருடனும் 904 என்ற எண்ணுடனும் ஒடுங்கி நிற்கும். குழந்தைகள் விரும்பும் வண்ண உருண்டை மிட்டாய்களில் அதைத் தேடிப் பார்க்கலாம். வரையறையில் பூச்சி என்ற சொல்லை எழுதிய அதே வாக்கியம், பூச்சியின் சுரப்பை வெளியே விட்டுவிடுவதால், துரியோதனன் பாண்டவருக்குக் கட்டிக்கொடுத்த அரக்கு மாளிகைக்கும் இன்றைய விதிப்படி பச்சைப் புள்ளி தாராளமாகக் கிடைத்திருக்கும். அதே ஆணையம் 2022இல் வெளியிட்ட நனிசைவ உணவு விதிமுறைகள், அதாவது பாலும் தேனும்கூட நீக்கிய உணவுக்கான விதிமுறைகள், பூச்சிவழிப் பொருள்களுக்கு இடம் தரவில்லை. ஆகவே ஒரே பூச்சி ஒரு விதிநூலில் விலங்காகவும் இன்னொன்றில் விலங்கல்லாததாகவும் வாழ்ந்து வருகிறது.

இவையாவது வெளிப்படையாக எழுதப்பட்ட விலக்குகள். சைவ உணவாளரின் உண்மையான சங்கடம், விலக்கு எதுவும் இல்லாத இடத்தில்தான் தொடங்குகிறது. மசாலா தூவிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முகப்பில் பச்சைப் புள்ளி தெளிவாக உள்ளது. பின்புறத்தில் உருளைக்கிழங்கு, பாமாயில், உப்பு, மிளகாய்த்தூள், வெங்காயத்தூள் என்று வீட்டு அடுக்களையின் பெயர்களாகவே வந்துகொண்டிருந்த பட்டியல், திடீரென்று சுவையூக்கிகள் (627, 631) என்று கணக்குப் பாடமாகிறது. இவை உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கு உலக அளவில் வழங்கப்படும் அடையாள எண்கள். 631 என்பது இனோசினிக் அமிலத்தின் சோடிய உப்பு. 627 அதன் உடன்பிறப்பான குவானிலிக் அமிலத்தின் உப்பு. இரண்டும் கலந்தால் 635. அஜினோமோட்டோ என்ற பெயரால் தமிழர் அறிந்த 621உடன் இவை சேரும்போது சுவை பன்மடங்கு ஏறுவதால், மிகச் சிறிய அளவே தேவைப்படுகிறது. ஜப்பானியரான கொதாமா 1913இல் 631இன் சுவையைக் கண்டறிந்ததே புகையூட்டி உலர்த்திய சூரை மீனிலிருந்துதான் என்பதால், இந்த எண்ணின் பிறந்த வீடு எது என்பதில் ஐயம் இல்லை. அது எங்கே வாழ்க்கைப்பட்டது என்பதில்தான் கேள்வி.

இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் இப்பொருளைப் பிரித்தெடுக்கலாம். மரவள்ளி மாவுச்சத்திலிருந்து பெற்ற சர்க்கரையில் நுண்ணுயிரிகளை வளர்த்து நொதிக்கவைத்தும் பெறலாம். ஈஸ்டின் உட்பொருளை நொதியால் சிதைத்தும் பெறலாம். தொழில்துறை இன்று பெரிதும் நாடுவது நொதித்தல் முறையைத்தான் என்பதால், பச்சைப் புள்ளி இட்ட பொட்டலத்திலுள்ள 631 தாவர வழியில் வந்ததாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் எவ்வழியில் வந்தாலும் இறுதியில் கிடைக்கும் வெண்பொடி ஒன்றே, மூலக்கூறும் ஒன்றே. தூய்மையாக்கிய அந்த உப்பில் மரபணு எதுவும் மிஞ்சியிராததால், இறைச்சிக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனை இங்கே கைகொடுப்பதில்லை. ஆய்வாளர் பொட்டலத்தை ஆய்வகத்திற்கு அனுப்பினால், 631 இருக்கிறது என்ற அரிய செய்தி, ஏற்கெனவே பொட்டலத்தில் அச்சிட்டிருந்த செய்தி, உறுதிசெய்யப்பட்டுத் திரும்பி வரும். எனவே உண்மையை அறிய ஒரே வழி, அப்பொடியை விற்றவர் வாங்கியவருக்குக் கொடுத்த காகிதம். அக்காகிதம் தொழிற்சாலைக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. சைவ உணவாளர் கடையில் நிற்கிறார்.

தில்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் இந்த எண்ணையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்ந்து, சேர்மானத்தைக் குறியீட்டு எண்ணால் மட்டும் காட்டாமல் அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் உருவானதா என்பதையும் அறிவிக்க வேண்டும் என்றும், விலங்குவழிப் பொருள் எத்தனை நுண்ணிய அளவில் சேர்ந்தாலும் உணவு அசைவமே என்றும் ஆணையிட்டது. அதன் பின்னரும் எண் தனித்து நிற்கும் பொட்டலங்கள் கடைகளில் தொங்குவதைக் காண்போருக்கு, நீதிமன்ற ஆணை அச்சகத்தைச் சென்றடைய எடுத்துக்கொள்ளும் காலம் பற்றிய வியப்பு பெருகுகிறது. புள்ளியே மூலத்தைச் சொல்லிவிட்டது, பிறகு அடைப்புக்குறி எதற்கு என்று உற்பத்தியாளர் கேட்கக்கூடும். அறிக்கை விடுபவரே அதற்குச் சாட்சியாகவும் நிற்கும் ஏற்பாட்டில் இக்கேள்வி முற்றிலும் நியாயமானது.

மூலத்தை எழுதுவது அச்சிட முடியாத அளவுக்குப் பெரிய காரியம் என்றும் வாதிட இயலாது. எலும்பையும் தோலையும் வேகவைத்துப் பெறும் ஜெலட்டின் சேர்ந்த உணவில், அது விலங்குவழி வந்தது என்று பட்டியலிலேயே எழுத வேண்டும் என்று விதிமுறைகளே கட்டளையிட்டுள்ளன. பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் அவற்றின் பெயராலேயே குறிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. விலங்கைத் தவிர வேறு மூலமே இல்லாத ஜெலட்டினுக்கு மூலம் எழுதச் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று மூலங்கள் உள்ள 631ஐ எண்ணோடு விட்டுவைத்தது, அடையாளம் தெரிந்தவரிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கும் காவலாளியின் கடமையுணர்வை ஒத்திருக்கிறது.

வெளிநாட்டுப் பிஸ்கட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் சுவையாகிறது. அதன் மூல உறை, சைவக் குறியீட்டைச் சட்டம் கேட்காத நாட்டில் அச்சானது. அதில் பால்மமாக்கி, அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் பொருள், 471 என்று இருக்கும். இது கொழுப்பு அமிலங்களின் கிளிசரைடு; பாமாயிலிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம், எதிலிருந்து என்று எண் சொல்லாது. இங்கே கப்பலிலிருந்து இறங்கிய பின், சுங்க அனுமதிக்கு முன்னர், சைவ அசைவக் குறியை ஒட்டுச்சீட்டாக ஒட்டிக்கொள்ள இறக்குமதியாளருக்கு விதி இடமளிக்கிறது. ஆகவே பிஸ்கட்டைச் சுட்டவர் சொல்லாத ஒன்றை, அதைக் கிடங்கில் வைத்திருந்தவர் பசை தடவிச் சொல்கிறார். உற்பத்தியாளரின் எழுத்துமூல உறுதி அவரிடம் இருக்குமாயின் அச்சீட்டு மெய்யே. இல்லையேல் அந்தச் சீட்டில் நம்பத்தக்கது பசை மட்டுமே.

ஆகவே ஆணையத்தின் சமூகத்தில் பின்வருவன தாழ்மையுடன் வேண்டப்படுகின்றன. 471, 627, 631, 635 ஆகிய எண்களை அடுத்து, தாவரம், விலங்கு, நொதித்தல் என்பவற்றுள் ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் இடுமாறு கட்டாயமாக்க வேண்டும். ஜெலட்டினுக்குக் கிடைத்த மரியாதையை இவற்றிற்கும் மறுக்கலாகாது. 904 சேர்ந்த பண்டத்திற்குப் பச்சைப் புள்ளியை விட்டுவைப்பதாயின், பூச்சிவழிப் பொருள் என்ற குறிப்பையாவது அதனருகில் இட வேண்டும். ஒட்டுச்சீட்டுப் புள்ளிகளுக்கு அடிப்படையான உறுதிக் காகிதத்தைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடச் செய்ய வேண்டும். இவற்றுள் எதுவும் இயலாது எனின், விலக்குப் பட்டியலிலிருந்து அந்தப் பிரேசில் பனைமரத்தையாவது அடுத்த திருத்தத்தில் விடுவித்து ஊருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
கையில் பொட்டலமும் கண்ணில் பூதக்கண்ணாடியுமாக,
சைவ உணவாளர்.