மானம் கப்பலேறாமல்

ராயபுரத்தில் பிறந்தவர்களிடம் ஒரு பொய் பரம்பரைச் சொத்தாகக் கைமாறிவருகிறது. “இந்தியாவோட முதல் ரயிலே எங்க ராயபுரத்துலேர்ந்துதான் கிளம்புச்சு.” தங்கை நிச்சயதார்த்தத்தன்று பெரியப்பா இதைச் சபையில் எடுத்துவிட்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் உயரத்தில் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தி பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் முப்பது வருஷம் இருந்தவர். ரயில் என்றால் அவருக்குத் தெரியாதா? வாயிலிருந்த கேசரியை விழுங்காமல் அப்படியே வைத்திருந்தார். விழுங்கினால் பேச வேண்டியிருக்கும்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரு படித்த பையன் இருப்பான். எங்கள் வீட்டுப் பையன் செல்லை நீட்டினான். “பெரிப்பா, தப்பு. 1853 ஏப்ரல் 16, பம்பாய் டு தானே. அப்புறம் 1854-ல ஹௌரா. நம்மளுது 1856, மூணாவது.”

சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் வினை. எதிராளிக்குப் பின்னால் சுவரை எழுப்பிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள் என்றால் எப்படி நிற்பார்? பெரியப்பாவின் காது சிவந்தது. “இன்னாடா 1853? வெள்ளக்காரன் மாத்தி எழுதிட்டுப் போயிட்டான். எங்க தாத்தா கண்ணால பாத்தவரு!” தாத்தா பார்த்திருக்க வேண்டுமானால் அவருக்கு எத்தனை வயது என்று பையன் கணக்குப் போடத் தொடங்கினான். அவனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். திருத்தும் வேலையில் முதல் படி, திருத்துபவரை அப்புறப்படுத்துவது.

பெரியப்பா இப்போது தாத்தாவையே பணயம் வைத்துவிட்டார். ரயில் விஷயத்தில் விட்டுக்கொடுத்தால் தாத்தா பொய்யராகிவிடுவார். இறங்கிவர அவருக்கு ஓர் ஏணி வேண்டும். அந்த ஏணியைப் போட்டது நான் இல்லை, சம்பந்தி. கேசரியை நிதானமாக விழுங்கிவிட்டு ஆரம்பித்தார்.

“அண்ணே சொல்றதுலயும் விஷயம் இருக்குங்க. 1837-லயே நம்ம செங்குன்றம் பக்கம் ரோடு போடக் கல்லு ஏத்துறதுக்கு ஒரு ரயில் லைன் இருந்துச்சு. ஆளு ஏத்தல, கல்லுதான். பம்பாய்க்கெல்லாம் முன்னாடி. பெரியவங்க அதைச் சொல்லி, காதுல விழுந்ததோ என்னவோ.”

கவனியுங்கள், ‘இல்லை’ என்ற சொல்லே வரவில்லை. தப்புக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது, தாத்தாவும் பிழைத்தார். ஆனால், இதோடு விட்டிருந்தால் பெரியப்பா அந்தக் கல் வண்டியையும் ராயபுரத்திலிருந்தே கிளப்பியிருப்பார். காரணம் மட்டும் போதாது, பறித்ததற்கு ஈடாகக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். பறித்ததைவிடப் பெரிதாக இருந்தால் உத்தமம்.

சம்பந்தி அதையும் கேள்வியாகவே கொடுத்தார். “பம்பாய்ல அந்த முதல் வண்டி கிளம்புன போரிபந்தர் ஸ்டேஷன் இப்ப நிக்குதாண்ணே?”

பெரியப்பா யோசித்தார். “இல்லியே. விக்டோரியா டெர்மினஸ்னு பெருசா கட்டிட்டான்ல.”

“ஹௌராவுலயும் பழசு போயிடுச்சு. லார்டு ஹாரிஸ் கவர்னரா இருந்தப்ப, 1856 ஜூன் மாசம் திறந்து வச்சாங்களே, தூணு வச்ச கட்டடம்... ஜூலை 1-ந்தேதி வாலாஜா வரைக்கும் வண்டி போச்சே... அது?”

“நிக்குதே! நேத்துகூட அந்தப் பக்கம்தான் வந்தேன்!”

“அப்ப இந்தியாவுல இன்னும் வண்டி வந்துபோற ஸ்டேஷன்லயே பழைய கட்டடம் எது?”

“ராயபுரம்!” பெரியப்பா தொடையைத் தட்டினார். “அதத்தானே நான் அப்பலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன்!”

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதும் திருத்தத்தில் ஒரு பாகம். நாங்கள் கூட்டாகச் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. பதிலை அவர் வாயாலேயே வரவழைத்ததால் அது அவருடைய சரக்காகிவிட்டது. தன் சரக்கை யாராவது மறுப்பார்களா?

ஆனால் இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. கொடுத்த உண்மையில் ‘இந்தியாவில்’, ‘இன்னும் வண்டி வந்துபோகிற’ என்று இரண்டு தாழ்ப்பாள்கள் இருந்தன. பெருமை கிடைத்தவர்கள் முதலில் கழற்றுவது தாழ்ப்பாளைத்தான். தட்டு மாற்றி முடிந்து பந்தி நடக்கும்போது, புதிதாக வந்த மாப்பிள்ளையின் மாமாவிடம் பெரியப்பா கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“உலகத்துலயே பழைய ரயில்வே ஸ்டேஷன் எதுன்னு தெரியுமா உங்களுக்கு? சம்பந்தியவே கேளுங்க, அவரே ஒத்துக்கினாரு!”

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.