அண்ணாச்சியும் கலவை மெஷினும்

"நாள் வாடகை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸை நீட்டுகிற ஆட்களைத்தான் கலவை மெஷின் வாடகைக்கு விடும் அண்ணாச்சிக்குப் பிடிக்கும். நான் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். அவர் பதறி எழுந்து, "சார் எந்த டிபார்ட்மெண்டு?" என்றார். ஜிஎஸ்டிக்காரன் இல்லை, மாடிக்குத் தளம் போடுகிறவன்தான் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் மாடி 600 சதுர அடி. தளத்தின் கனம் 5 அங்குலம். ஆக 250 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் நாலரை கன அடி ஈரக் கலவை கிடைக்கும். ஐம்பத்தாறு மூட்டை ஆகும். ஒரு மூட்டை மெஷினில் ஜல்லி, மணல் அள்ளிப் போட்டுச் சுற்றிக் கொட்டி முடிக்க ஐந்து நிமிடம் என்று வைத்தால், ஐந்து மணி நேரத்துக்குள் தளம் முடிந்துவிடும். இந்தக் கணக்கை ஒரு பக்கம் நிறைய எழுதி எடுத்துப் போயிருந்தேன். அண்ணாச்சி அதை அனுதாபத்தோடு பார்த்தார்.

"நாளைக்கு 1,800 ரூவா சார்."

"நாள் என்றால் எப்போதிலிருந்து எப்போது வரை?"

"காலைல வரும், சாயங்காலம் போவும்."

இதில்தான் பணம் ஒளிந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்க வேண்டுமானால், மெஷினை முந்தின நாள் மாலையே டிராக்டரில் கட்டி இழுத்து வரவேண்டும். அந்த ராத்திரி என் வாசலில் அது சும்மா நிற்கும். அதற்கு வாடகை உண்டா? மறுநாள் மதியம் வேலை முடிந்துவிட்டது, ஆனால் டிராக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டு அதற்கடுத்த நாள்தான் வருகிறது. அது யார் கணக்கு? நான் கேட்கக் கேட்க அண்ணாச்சி, "பாத்துக்கிடலாம் சார்" என்றார். வாடகைக் கடைகளில் இந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு விலை உண்டு. அது திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரியவரும். கடைசியில், மெஷின் ஓடுகிற தேதிக்கு மட்டும் வாடகை, அவர் டிராக்டர் தாமதமானால் அந்த நாள் என் தலையில் இல்லை என்று எழுதவைத்தேன்.

மெஷின் 1,800, வைப்ரேட்டர் 500, டிராக்டர் போகவர 1,200, ஓட்டுகிற ஆளுக்கு 900. கூட்டினால் 4,400. டீசல் நம்முடையது. "பில் போட்டா 18 பெர்சண்டு, 792 கூட வரும்" என்று அவர் எந்தக் காகிதமும் இல்லாமல் சொன்னபோது, என் ஒரு பக்கக் கணக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

டெபாசிட் விஷயத்தில் சண்டை நீளவில்லை. 5,000 ரூபாயும் அசல் ஆதாரும் கேட்டார். பணத்துக்கு ரசீது, ஆதாருக்கு நகல் என்று முடிந்தது. எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டதற்கு, "டிரம்மைத் தட்டிப் பாத்துட்டு" என்றார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரிதான்.

டிரம்மைத் தட்டுவதில் விஷயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கொஞ்சம் ஜல்லியும் தண்ணீரும் போட்டுப் பத்து நிமிடம் சுற்றவிட்டால் டிரம் கழுவிக்கொள்ளும். அதைச் செய்யாமல் எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கப் போய்விட்டால், உள்ளே இருக்கிற தகடுகளைச் சுற்றிக் கான்கிரீட் இறுகிவிடும். பிறகு ஒரு ஆள் உள்ளே தலையை விட்டு உளியால் கொத்த வேண்டும்; அந்தக் கூலி டெபாசிட்டில் கழியும். அதனால் நான் முதல் வேலையாக டார்ச் அடித்து டிரம்முக்குள் பார்த்தேன். மூன்று விரல் கனத்துக்குப் பழைய கான்கிரீட். எந்தப் புண்ணியவான் வீட்டுத் தளமோ! போட்டோ எடுத்தேன். ஹாப்பரைத் தூக்குகிற கம்பிக் கயிற்றில் இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தன; அதையும் எடுத்தேன். அந்தக் கயிறு அறுந்தால் ஒரு மூட்டைச் சரக்கோடு ஹாப்பர் கீழே நிற்கிற ஆள் மேல் விழும். கயிற்றை மாற்றாமல் மெஷின் வேண்டாம் என்றேன். எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது அண்ணாச்சி, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க" என்றார்.

"ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு?"

"உங்க கையில இருக்கையில உடைஞ்சா நீங்கதான சார்?"

இதற்காகவே படித்துப் போயிருந்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 150: வாடகைக்குக் கொடுத்த பொருளில் இருக்கும் கோளாறால் எடுத்தவருக்கு நஷ்டம் வந்தால், அந்தக் கோளாறு தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் கொடுத்தவரே பொறுப்பு. 151, 152: சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்குப் பார்த்துக்கொண்டால் போதும், அதையும் மீறிக் கெட்டால், தனியாக வேறு ஒப்பந்தம் போட்டிருந்தாலொழிய, எடுத்தவர் பொறுப்பில்லை. இதை ராகத்தோடு ஒப்பித்தேன்.

அண்ணாச்சி வைப்ரேட்டரின் ரப்பர் குழாயைத் தூக்கிக் காட்டினார். "சரி சார். இதை இப்படி ஒடிச்சு மடக்கினா உள்ள ஓடுத கம்பி முறிஞ்சிரும். ஊசியைக் கான்கிரீட்ல விடாம வெளிய சும்மா ஓடவிட்டா சூடேறி பேரிங் போயிரும். ஓடுத ஊசியை உருவாம சுவிச்சை அமத்தினா கம்பிக்கு இடையில மாட்டிக்கிடும், அப்புறம் குழாயைப் பிடிச்சு இழுப்பானுவ. இந்த மூணையும் உங்க ஆளு செய்ய மாட்டான்னு நீங்க எழுதிக் குடுங்க."

எங்கள் ஆட்களை நினைத்துப் பார்த்தேன். பேனா நகரவில்லை. அவர் சொன்ன மூன்றும் என் செலவு, பெல்ட், பேரிங் தேய்மானமும் எஞ்சின் கோளாறும் அவர் செலவு, எஞ்சின் நின்றால் இரண்டு மணி நேரத்தில் மாற்று மெஷின் என்று சமாதானம் ஆனோம். பாதித் தளத்தில் மெஷின் நின்றால், போட்ட கான்கிரீட் இறுகி, பிறகு போடுவது அதோடு ஒட்டாமல் அந்தக் கோட்டில் தண்ணீர் கசியும். வாடகையைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த ஒழுக்கு நிற்காது. ஆகவே பணத்தைவிட மாற்று மெஷினே முக்கியம்.

திருப்புகிற தேதிக்கு வந்தபோது, சட்டம் அவர் பக்கம் போய்விட்டது. பிரிவு 161-இன்படி, சொன்ன நேரத்தில் திருப்பாமல் நான் வைத்துக்கொண்டால், அதன்பின் என்ன நடந்தாலும் பொறுப்பு என்னுடையது. எவ்வளவு விவேகத்தோடு பார்த்துக்கொண்டேன் என்பது அப்போது எடுபடாது. மெஷின் மேல் தென்னை மரமே விழுந்தாலும் நான்தான். இந்தப் பிரிவை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எடுத்துப்போக வரும்படி நான் போன் செய்துவிட்டால் பொறுப்பு அவருக்கு மாறிவிடும் என்று மட்டும் சாதுவாக ஒரு வரி சேர்த்தேன். அண்ணாச்சி படித்தார், சிரித்தார், "போன் பண்ணா போதாது சார், நான் எடுக்கணும்லா" என்று "போன் செய்து" என்பதை அடித்து "வாட்ஸ்அப்பில் தெரிவித்து" என்று திருத்தினார். மழை வந்தால் டிராக்டர் கிளம்புமுன் சொன்னால் வாடகை இல்லை, கிளம்பிய பின் சொன்னால் டிராக்டர் கூலி மட்டும். அது ஒரு நிமிடத்தில் முடிந்தது.

இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். ரசீதை மடிக்கும்போது அவர் கேட்டார்:

"மெஷின் சரியா வந்துரும். கொத்தனாரு அன்னைக்கு வருவாராமா?"

"வருவதாகத்தான் சொன்னார்."

"எழுதி வாங்குனீங்களா?"