கைதட்டல் மட்டும் நிஜமா?

கேள்வி: ராக் குழுக்களின் 'லைவ்' ஆல்பங்கள் அவ்வளவு விற்றது ஏன்? அவற்றை ஸ்டூடியோவில் ஒட்டுப் போடுவார்களாமே?

பதில்: 'கிஸ்' குழுவின் முதல் மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள் பெரிதாகப் போணியாகவில்லை. முகத்தில் சாயம், மேடையில் நெருப்பு என்று கச்சேரிக்குத்தான் கூட்டம். அந்தக் கூச்சலையே 1975இல் 'அலைவ்!' என்று இசைத்தட்டாக்கினார்கள், பிய்த்துக்கொண்டு போனது. பிறகு ஸ்டூடியோவில் கணிசமாகத் திருத்தியதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். குதித்துக்கொண்டே வாசித்தால் விரல் தடுமாறாதா, பாவம்!

பெரிய வழக்கு 'தின் லிஸி'யின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' (1978). முக்கால்வாசி ஸ்டூடியோவில் செய்தது என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. இல்லை, முக்கால்வாசி மேடையில் வாசித்ததுதான் என்றார் குழுவின் மேனேஜர் கிறிஸ் ஓ'டொனல். ஒரே முக்கால், இருவருக்கும்!

நினைத்தபடி எல்லாவற்றையும் மாற்றவும் முடியாது. மேடையில் பாடகரின் மைக்கிலேயே டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து விழும். ஸ்டூடியோவில் புதிதாகக் கிடார் வாசித்துச் சேர்த்தாலும், பழைய தப்பு அந்த மைக் வழியாகப் பின்னால் பேய் மாதிரி முனகும். பேஸ் கிடாரின் ஒலியை ஒயர் வழியாகவே நேராகப் பதிந்திருந்தால், மாற்றுவது சுலபம். டிரம்ஸில் கைவைப்பதுதான் ரொம்பக் கஷ்டம். அதன் சத்தம் எல்லா மைக்கிலும் இருக்கும்.

ஒரு சுருதி பிசகைத் திருத்தினால் நான் கோபிக்க மாட்டேன். கைதட்டலைத் தவிர மற்றதெல்லாம் புதுசு என்றால், அட்டையில் 'லைவ்' என்று போட்டது கொஞ்சம் ஓவர்.