கோழி புடிக்கத் தெரியுமாலே?

ஏலே பேராண்டி, கறுப்புக் கண்ணாடிய கழட்டிட்டு இப்படி உக்காரு. கோ-கோ பாக்க வந்தவன், "திரும்பித் தொடுல, திரும்பித் தொடுல"ன்னு தொண்ட கிழியக் கத்துதியே, அவன் எப்படிலே திரும்புவான்? வெரட்டுறவன் ஒரு பக்கம் தோளைத் திருப்பி அடி எடுத்து வச்சிட்டாம்னா, எதிர்க்கம்பம் தாண்டுற வரைக்கும் அதே திசைதான். ஓடுறவன் அவன் முதுகுக்குப் பின்னால நின்னு சிரிச்சாலும் பல்லக் கடிச்சிட்டு முன்னாலதான் போவணும்.

நடுக்கோட்டையும் அவன் தாண்டப்படாது. எட்டுப் பேரு வரிசையா குத்த வச்சிருக்கானுவல்லா? ஓடுறவன் அவனுவளுக்கு நடுவுல பூந்து பூந்து போவான். வெரட்டுறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஒருத்தன் கெழக்கப் பாத்து, அடுத்தவன் மேக்கப் பாத்து எதுக்கு உக்காந்திருக்கான்? கோவிச்சுக்கிட்டா? மேக்க வெரட்டுறவனுக்கு முதுகு காட்டுறவன் கெழக்கப் பாத்தவன்தான். அந்த முதுகத் தொட்டு "கோ"ன்னா, அவன் எந்திரிச்சு கெழக்க வெரட்டுவான். இவன் அந்த எடத்துல உக்காந்துக்கிடணும். தொடாமக் கத்துனாலும் தப்பு, கத்துமுன்ன உக்காந்தவன் எந்திரிச்சாலும் தப்பு. தப்புப் பண்ணினா நடுவர் நேர் எதிர்த்திசைல ஓடச் சொல்லிருவாரு. கைக்கெட்டுனது தப்பிச்சுப் போயிரும்.

இப்ப அந்தச் சிவப்புச் சட்டக்காரப் பயலப் பாரு. அவன் ஓடவே இல்ல பாத்தியா? வெரட்டுறவன் மேக்க "கோ"ங்கான், அவன் ஒரு எட்டு வச்சு இந்தப் பக்கம் வாரான். கெழக்க "கோ"ங்கான், அவன் அந்தப் பக்கம். வெரட்டுற கூட்டம் மூச்சு வாங்குது, அவனுக்கு வேர்க்கவே இல்ல. பெரியவங்க ஆட்டத்துல ஒரு முறைக்கு 9 நிமிசம். ஓடுறவனுவ மூணு மூணு பேராத்தான் எறங்குவானுவ. ஒரு பயலே ரெண்டு மூணு நிமிசத்த முழுங்கிட்டா வெரட்டுறவனுக்கு என்ன மிஞ்சும்?

நீ கோழி புடிச்சிருக்கியா? பொட்டலத்துல வாங்குற பயலுக்கு எங்க தெரியும்! முத்தத்து நடுவுல வெரட்டினா கோழி உன்னியத்தான் சுத்தவிடும். செவத்தோரம் ஒதுக்கணும்லே. இங்க செவரு அந்தக் கம்பம். கம்பத்தத் தாண்டிட்டா வெரட்டுறவன் எப்படியும் திரும்பலாம், எந்தப் பக்கமும் போவலாம். ஓடுறவனுக்கு இருந்த ரெண்டு வசதியும் அங்க செத்துப் போச்சு. அதனால வெவரமானவன் கண்ட எடத்துல "கோ" குடுக்கமாட்டான். ரெண்டு முதுக விட்டுத்தள்ளி, ஒரே ஆளக் கம்பத்துப் பக்கமாத் தள்ளிட்டே போவான்.

இன்னொரு களவாணித்தனமும் இருக்கு. அந்தா, வெரட்டுற குட்டையன் குனிஞ்சு முதுகுகிட்ட கைய நீட்டுதான் பாரு. வாயத் தொறந்தானா? இல்ல. உக்காந்தவன் அசைஞ்சானா? இல்ல. சிவப்புச் சட்ட மட்டும் 'கோ' விழுந்திட்டுன்னு நெனச்சு இந்தப் பக்கம் தாவிட்டான், நேரா குட்டையன் கைக்குள்ள. கை தட்டுலே! இந்நேரம் வரைக்கும் போனத் தடவிக்கிட்டு எங்கலே பாத்துட்டிருந்த?