மாமாவும் மாலை ஆறு மணியும்

என் மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆர்.கே.பேட்டையில், விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருவில் உட்கார்ந்துகொண்டு, நியூ ஜெர்சியில் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஏலம் விடும் பழைய அஞ்சல் தலைகளுக்கு விலை கேட்பார். அதுவும் கடைசி நிமிடத்தில்தான். முன்கூட்டியே வாயைத் திறந்தால் நாலு பேர் ஏற்றிவிடுவார்களாம்.

ஜூலையில் வந்த அறிவிப்பு: "ஞாயிறு மாலை 6 மணி EST உடன் ஏலம் முடியும்."

மாமா காகிதத்தில் கணக்குப் போட்டார். EST கிரீன்விச்சுக்கு 5 மணி நேரம் பின்னால்; நாம் ஐந்தரை மணி முன்னால். வித்தியாசம் பத்தரை மணி. ஆக, நமக்குத் திங்கள் அதிகாலை 4.30. நாலு மணிக்கு அலாரம் வைத்து, அத்தையையும் எழுப்பிவிட்டு, குழுவைத் திறந்தால் அரை மணிக்கு முன்பே ஏலம் முடிந்திருந்தது.

"என் வீட்டுக் கடிகாரத்துல ஆறு ஆயிடுச்சு சார்," என்றார் விற்றவர்.

அவர் வீட்டுக் கடிகாரமும் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பப் பின்னே வைக்கிறார்கள். இடைப்பட்ட கோடையில் அங்கே ஓடுவது EDT; நமக்கும் அதற்கும் ஒன்பதரை மணிதான். ஆனால் பழக்கத்தில் வருஷம் முழுக்க EST என்றே எழுதிவிடுகிறார்கள். வெறும் ET என்றோ "நியூயார்க் நேரம்" என்றோ எழுதியிருந்தால் சண்டையே இல்லை.

"எழுதினது EST. எழுதினபடி எனக்கு இன்னும் அரை மணி இருக்கு," என்று மாமா வாதாடினார். எழுத்துப்படி அவர் சொன்னதுதான் சரி. தலைகள் வேறொருவருக்குப் போயின.

நம் அரசு டெண்டர் தளத்தில் இந்த வழக்குக்கே இடமில்லை. பக்கத்தின் மேலே ஓடும் சர்வர் நேரம்தான் நேரம். ஒப்பந்தக்காரர் கையில் கட்டியிருப்பது வெறும் நகை.

அடுத்த ஏலம் நவம்பர் முதல் ஞாயிறன்று, அதே "6 மணி EST". பட்ட பாட்டை மறக்காத மாமா திங்கள் அதிகாலை 3.29க்கே விலையைப் போட்டார். 3.30 ஆனது. வெற்றி என்று படுத்துவிட்டார். அந்த ஞாயிறு அதிகாலைதான் அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னே வைத்திருந்தார்கள். EST நிஜமாகவே EST ஆகியிருந்தது. 4.29க்கு, சிங்கப்பூரில் ஏழு மணிக் காபியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் ஒரு டாலர் ஏற்றி, தலைகளைக் கொண்டுபோனார்.

மாமா இப்போது குழுவில் வழக்கைத் தலைகீழாக நடத்துகிறார்: "EST-ன்னு எழுதினா EDT-ன்னு புரிஞ்சிக்கணும்னு ஜூலையில சொன்னது நீங்கதானே?"